காணாமல் போன ஸ்லைடு படம்: இரத்தப் பூச்சில் பார்த்ததைச் சொல்லில் சொல்வது எப்படி?

தேர்வுக்கு முந்தைய வாரங்களில் ஆய்வகத்தில் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "சார், போட்டோ எடுத்திருந்தேன், இப்போது இல்லை." போன் கெட்டிருக்கும், அல்லது இடம் போதவில்லை என்று யாரோ அழித்திருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கும். எல்லா ஸ்லைடுகளையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதிகம் கேட்கப்படுவது லீஷ்மன் சாயம் ஏற்றிய மனித இரத்தப் பூச்சு. அதைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன்.

வெள்ளையணு ஒன்றைப் பார்த்தேன், அது என்ன என்று கேட்க வேண்டும். படம் இல்லை. எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

அந்த வெள்ளையணுவை ஒரு நிமிடம் ஒதுக்கி வையுங்கள். அதைச் சுற்றியிருந்த சிவப்பணுக்களிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லோரும் விந்தையாகத் தெரிந்ததை மட்டும் வர்ணித்து, சாதாரணமாகக் கிடந்ததை விட்டுவிடுகிறார்கள். கேட்பவருக்கு உதவுவது அந்தச் சாதாரணமானதுதான்.

காரணம் எளிது. மனிதச் சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்ரோமீட்டர். நலமாக உள்ளவர்களிடம் இது பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஸ்லைடுக்குள்ளேயே ஓர் அளவுகோல் கிடக்கிறது. "பெரிய செல்" என்று நீங்கள் எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. "இரண்டு சிவப்பணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ, அதைவிடச் சற்றுக் குறைவு" என்று எழுதினால், 13 மைக்ரோமீட்டர் அளவில் ஒரு செல் என்று நான் கணக்கிட்டுக்கொள்வேன்.

சிவப்பணுக்களைப் பற்றி மூன்று செய்திகள் போதும். என்ன நிறம், நடுவில் வெளுத்திருந்ததா, ஒன்றையொன்று எப்படித் தொட்டுக்கொண்டிருந்தன? நிறம் சாயத்தைப் பற்றிச் சொல்லும். மற்ற இரண்டும் பூச்சின் எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்பதைச் சொல்லும். காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் அது தடித்த பகுதி. அங்கே வெள்ளையணுக்கள் சுருங்கி, உள்ளே ஒன்றும் தெளியாமல் இருக்கும். நடு வெளுப்பே இல்லாமல் தட்டையாக, தள்ளித் தள்ளிக் கிடந்தால் அது பூச்சின் வால்முனை. அங்கே வெள்ளையணுக்கள் பரந்து, சில சமயம் உடைந்தும் போயிருக்கும். சிவப்பணுக்கள் தொட்டும் தொடாமலும், நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளுப்போடு இருந்த இடமென்றால் உங்கள் வர்ணனையை நம்பி மேலே போகலாம்.

எந்த லென்ஸில் பார்த்தேன் என்றே நினைவில்லை. இனி உருப்பெருக்கத்தை எப்படிச் சொல்வது?

எண்ணெய் விட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். எண்ணெய்த் துளி விட்டிருந்தால் 100 மடங்கு லென்ஸ். அதோடு இந்தக் கேள்வி முடிந்தது. அதுவும் நினைவில்லை என்றால் அளவுகோல் மறுபடியும் கைகொடுக்கும்.

கண்ணருகு லென்ஸின் விளிம்பில் 10/18 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். இரண்டாவது எண் பார்வைப் புல எண். அதைப் பொருளருகு லென்ஸின் மடங்கால் வகுத்தால், வட்டத்தின் குறுக்கே தெரிந்த உண்மையான அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும்.

18 ÷ 100 = 0.18, அதாவது 180 மைக்ரோமீட்டர். ஒரு சிவப்பணு 7.5 என்றால், வட்டத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை அதிகபட்சம் 24 சிவப்பணுக்கள் வரிசையாக நிற்கும். இடைவெளி இருந்தால் இன்னும் குறையும். 40 மடங்கு லென்ஸில் 18 ÷ 40 = 0.45; அதே கணக்கில் 60 சிவப்பணுக்கள். 10 மடங்கு லென்ஸில் 240 வரும். அதை யாரும் எண்ண மாட்டார்கள், பொடி தூவியதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

ஆகவே "குறுக்கே இருபது போலத் தெரிந்தது" என்ற ஒரு வரி, மறந்துபோன லென்ஸைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். இருபதுக்கும் அறுபதுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. நினைவு கொஞ்சம் பிசகினாலும் முடிவு மாறாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "40 மடங்கில் பார்த்தேன், எல்லாம் மங்கலாக, பனி மூடியதுபோல இருந்தது" என்பவர்களிடம் நான் கேட்பது, அதற்கு முன் எண்ணெய் விட்டு 100 மடங்கில் பார்த்தீர்களா என்பதுதான். பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். 40 மடங்கு லென்ஸ் காற்றில் வேலை செய்வதற்காகச் செய்தது. ஸ்லைடின் மீதிருந்த எண்ணெயில் அதைத் திருப்பினால் முனையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு படம் கலங்கும். அந்த மங்கலைச் செல்லின் தன்மையாக எழுதிவிடாதீர்கள்.

போட்டோவில் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். 1000 மடங்கு என்று எழுதினால் சரியா?

கண்ணால் பார்த்ததற்குச் சரி: 10 × 100 = 1000. போன் திரையில் பார்த்ததற்கு அந்த எண் பொருந்தாது. திரையில் ஒரு சிவப்பணு 15 மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்திருந்தால், 15,000 மைக்ரோமீட்டரை 7.5 ஆல் வகுக்க 2000 மடங்கு. விரலால் இன்னும் விரித்தால் இன்னும் கூடும், ஆனால் புதிதாக ஒரு விவரமும் சேராது. படமே இல்லாத நிலையில் திரையை மறந்துவிட்டு, லென்ஸ்களின் எண்களையும் சிவப்பணுவோடு ஒப்பிட்ட அளவையும் மட்டும் எழுதுங்கள்.

சாயத்தின் பெயர் தெரியாது. "ஊதாவாக இருந்தது" என்றுதான் சொல்ல முடியும். போதுமா?

போதாது. ஆனால் பெயர் தெரியாததால் அல்ல. நம் கல்லூரி ஆய்வகங்களில் இரத்தப் பூச்சு என்றால் அநேகமாக லீஷ்மன் சாயம்தான். வில்லியம் லீஷ்மன் என்ற பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் 1901-இல் கொடுத்த முறை அது. சிக்கல் "ஊதா" என்ற சொல்லில்தான் இருக்கிறது. எதில் ஊதா? உட்கருவிலா, அதைச் சுற்றியிருந்த சைட்டோபிளாசத்திலா, அதில் கிடந்த துகள்களிலா?

லீஷ்மன் சாயத்தில் இரண்டு தரப்புகள் இருக்கின்றன. ஈசின் அமிலச் சாயம். காரத்தன்மை உள்ள பொருள்களைத் தேடிப்பிடித்துச் சிவப்பாக்கும். மெத்திலீன் நீலமும் அதன் வழிப்பொருள்களும் காரச் சாயங்கள், உட்கருவின் டி.என்.ஏ. போன்ற அமிலப் பொருள்களைப் பிடித்து நீலமும் ஊதாவும் ஆக்கும். ஆகவே இந்த ஸ்லைடில் நிறம் என்பது வேதியியல் செய்தி. "செல் ஊதா" என்று எழுதினால் இரண்டு தரப்பையும் கலக்கிக் கூழாக்கிவிட்டீர்கள் என்று பொருள். உட்கரு, சைட்டோபிளாசம், துகள் மூன்றுக்கும் தனித்தனியாக நிறம் சொல்லுங்கள்.

அடுத்தது, சாயம் நேராக ஏறியதா என்பது. பூச்சின் மேல் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, அதன்மேல் இரு பங்கு தாங்கல் நீர் சேர்த்து ஏழு முதல் பத்து நிமிடம் வைத்துக் கழுவுவது வழக்கம். அந்த நீரின் பி.எச். 6.8 அளவில் இருக்க வேண்டும். தாங்கல் கரைசல் தீர்ந்துபோன நாளில் குழாயைத் திறந்து ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுகிற ஆய்வகங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே செய்திருக்கிறேன். நீர் காரமாக இருந்தால் சிவப்பணுக்கள் சாம்பல் நீலமாகிவிடும், உட்கரு கறுத்துப்போகும், சிவந்திருக்க வேண்டிய துகள்கள்கூட மங்கிவிடும். அமிலமாக இருந்தால் நேர்மாறு: சிவப்பணுக்கள் செக்கச்செவேலென்று எரியும், உட்கரு வெளிறும்.

இதற்கும் சிவப்பணுதான் சாட்சி. அவை வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தனவென்றால் மற்ற நிறங்களை நம்பலாம். செல்கள் இல்லாத வெற்றிடம் என்ன நிறம் என்பதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். அது மஞ்சளாகத் தெரிந்திருந்தால் விளக்கின் மஞ்சள் எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது. நீலமாகத் தெரிந்திருந்தால் சாயம் சரியாகக் கழுவப்படவில்லை.

உட்கருவின் வடிவத்தை எப்படி வர்ணிப்பது?

வீட்டுப் பொருள்களோடு ஒப்பிடுங்கள். நான் தடுக்க மாட்டேன். அவரை விதை, மூக்குக் கண்ணாடி, நூலில் கோத்த மணிகள் எல்லாமே நல்ல வர்ணனைகள்தான். ஆனால் ஒப்புமையோடு இரண்டு விவரங்கள் சேர்ந்து வர வேண்டும். ஒன்று, கதுப்புகள் எத்தனை, அவற்றுக்கு இடையில் மெல்லிய இழை தெரிந்ததா. மற்றொன்று, உட்கருவுக்கு வெளியே எவ்வளவு இடம் மிச்சமிருந்தது.

இந்த இரண்டாவது விவரத்தை யாரும் எழுதுவதில்லை, ஆனால் பல சந்தேகங்களை அதுவே தீர்த்துவிடும். சிறிய லிம்போசைட்டில் உருண்டை உட்கரு கிட்டத்தட்ட ஒரு சிவப்பணு அளவு இருக்கும். அதைச் சுற்றி நகக்கீற்று போல ஒரு நீல ஓரம் மட்டும் மிஞ்சும். மோனோசைட்டில் உட்கரு மடங்கி அவரை விதை போலக் கிடக்கும். வெளியே சாம்பல் நீலச் சைட்டோபிளாசம் தாராளமாக இருக்கும். "உருண்டையான ஊதா உட்கரு" என்று மட்டும் வந்தால் இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியாது.

மோசமான வர்ணனை நல்ல வர்ணனை ஆனதற்கு ஓர் உதாரணம் தர முடியுமா?

முதலாண்டு மாணவி ஒருவர் எனக்கு முதலில் எழுதியது இது: "வட்டமான பெரிய ஊதா செல். உள்ளே மூக்குக் கண்ணாடி போல இரண்டு உருண்டை. சிவப்புப் பொடி. நியூட்ரோஃபில்தானே?"

கெட்டிக்கார வர்ணனைதான். மூக்குக் கண்ணாடி என்ற ஒரு சொல்லிலேயே பாதி விடை இருந்தது. ஆனாலும் நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சாயநீர் அமிலமாகிவிட்டால் நியூட்ரோஃபில்கூடச் சிவந்து தெரியும். இன்னும் முதிராத நியூட்ரோஃபிலில் கதுப்புகள் இரண்டே இருப்பதும் உண்டு. அதனால் சிவப்பணுக்களின் நிறம், அவற்றோடு ஒப்பிட்டால் செல்லின் அளவு, பொடி உட்கருவை மறைத்ததா, அதே ஸ்லைடில் வேறு வெள்ளையணுக்கள் எப்படி இருந்தன என்று கேட்டேன்.

மறுநாள் வந்த பதில்: "சிவப்பணுக்கள் வெளிறிய ரோஜா நிறம், நடுவில் வெளுப்பு, வெற்றிடம் வெள்ளை. எண்ணெய் விட்டுப் பார்த்தோம், குறுக்கே இருபதுக்குக் கொஞ்சம் மேல் சிவப்பணுக்கள். அந்தச் செல் இரண்டு சிவப்பணுக்களைவிடச் சற்றுக் குறைவு. பொடி என்றது கேழ்வரகு மாதிரி. எல்லாம் ஒரே அளவு, நெருக்கமாக, செம்மஞ்சள் நிறம். உட்கருவின் மேல் ஏறவில்லை, இரண்டு உருண்டையும் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்தில் மூன்று கதுப்பு உள்ள இன்னொரு செல் இருந்தது, அதில் இந்தச் சிவப்பு இல்லை, வெளிறியிருந்தது."

இப்போது பாருங்கள். குறுக்கே இருபதுக்கு மேல் என்பதால் 100 மடங்கு லென்ஸ் உறுதி. செல்லின் அளவு 13 மைக்ரோமீட்டர் சுமார். ரோஜா நிறச் சிவப்பணு, சாயம் நேராக ஏறியது என்கிறது. துகள்கள் பருத்தவை, ஒரே அளவுள்ளவை. நியூட்ரோஃபிலின் துகள்கள் திருநீறு தூவியதுபோல நுண்ணியவை. தனித்தனியாக எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெரியாது. பேசோஃபிலின் துகள்கள் பருத்தவைதான், ஆனால் கறுப்பு எள் கொட்டியதுபோல் கருநீலமாக உட்கருவையே மூடிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று கடைசி வாக்கியம். அதே ஸ்லைடில், அதே சாயத்தில், பக்கத்து நியூட்ரோஃபில் வெளிறியே இருந்தது. ஆகவே சிவப்பு சாயக் கோளாறால் வந்ததல்ல, அந்தச் செல்லுக்கே உரியது.

விடை ஈசினோஃபில். ஈசினை விரும்பிப் பிடிக்கும் செல் என்பதால் பால் எர்லிக் 1879-இல் அதற்கு இட்ட பெயரே அது. அந்தத் துகள்களில் வலுவான காரப் புரதம் நிறைந்திருப்பதுதான் நிறத்துக்குக் காரணம்.

அவர் தன் பதிவேட்டில் எழுதியது ஐந்து வரி: "லீஷ்மன் சாயம் ஏற்றிய மனித இரத்தப் பூச்சு, 10 × 100, எண்ணெயில். செல்லின் விட்டம் சிவப்பணுவைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு. உட்கரு இரு கதுப்புகள் உடையது, ஊதா. சைட்டோபிளாசம் முழுவதும் ஒரே அளவுள்ள பருத்த செம்மஞ்சள் துகள்கள். அவை உட்கருவை மறைக்கவில்லை. எனவே ஈசினோஃபில்." இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

இந்த வர்ணனையிலிருந்து சொல்ல முடியாததும் உண்டு. இரத்தத்தில் ஈசினோஃபில் கூடியிருக்கிறதா என்று அவர் அடுத்துக் கேட்டார். ஒரு செல்லைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வழக்கமாக நூறு வெள்ளையணுக்களில் இரண்டு மூன்றுதான் ஈசினோஃபில். கூடியதா குறைந்ததா என்பதற்கு உட்கார்ந்து நூறு செல்களையாவது எண்ண வேண்டும்.

ஒரு சிவப்பணுவுக்குள் ஊதாப் புள்ளி ஒன்று பார்த்தேன். மலேரியா ஒட்டுண்ணியா?

சொல்லை வைத்து நானோ வேறு யாருமோ இதற்கு ஆம் என்று சொல்லக் கூடாது. ஆனால் பெரும்பாலும் என்னவாக இருக்கும் என்று சொல்லலாம்: சிவப்பணுவின் மேல் வந்து படிந்த இரத்தத் தட்டு. அதன் அளவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர், ஊதாப் பொடிபோல் இருக்கும், சுற்றிலும் ஒரு வெளிர் வளையம் தெரியும். பக்கத்து வெற்றிடங்களிலும் அதேபோன்ற புள்ளிகள் கிடந்தனவா என்று நினைவுபடுத்துங்கள். கிடந்திருந்தால் சந்தேகம் குறைகிறது.

சாயக் கசடும் இந்த வேடம் போடும். கசடு ஒழுங்கற்ற கரும்புள்ளியாக, செல்லின் மேலும் வெளியிலும் ஒரே மாதிரி சிதறியிருக்கும். நுண்சரிசெய் திருகை லேசாகத் திருப்பினால் புள்ளி தெளியும்போது சிவப்பணு மங்கும், சிவப்பணு தெளியும்போது புள்ளி மங்கும். இரண்டும் வெவ்வேறு மட்டத்தில் இருப்பதே காரணம். பளபளவென்று கண்ணாடிபோல் மின்னிய வளையங்கள் என்றால் பூச்சு சரியாக உலராததால் வந்தவை.

இரத்தம் காய்ச்சல் உள்ள ஒருவருடையது என்றால் இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ப் புதிதாக இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

எழுதுவதற்கு முன் புத்தகப் படத்தைப் பார்த்து நினைவைச் சரிசெய்துகொள்ளலாமா?

வேண்டாம். முதலில் எழுதுங்கள், பிறகு பாருங்கள். புத்தகத்தைப் பார்த்த மறுகணமே நீங்கள் பார்த்த செல் போய், அச்சடித்த செல் வந்து உட்கார்ந்துகொள்ளும். என்னிடம் வரும் வர்ணனைகளில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: "உட்கருவில் மூன்று முதல் ஐந்து கதுப்புகள் இருந்தன" என்று எழுதியிருப்பார்கள். ஒரு செல்லில் மூன்று இருக்கும், அல்லது நான்கு இருக்கும். மூன்று முதல் ஐந்து வரை இருக்கிற செல்லை எந்த லென்ஸிலும் பார்க்க முடியாது.

நினைவில்லாத இடத்தில் "நினைவில்லை" என்று எழுதுவது குறையாகாது. கதுப்பின் எண்ணிக்கை தெரியாமல், துகளின் அளவு மட்டும் உறுதியாகத் தெரிந்தாலும் பல நேரம் விடைக்குப் போய்விடலாம்.

நினைவிலிருந்து படம் வரைந்து அனுப்பினால் உதவுமா?

உதவும். முதலில் மூன்று சிவப்பணுக்களை வரைந்து, பிறகு அதே அளவீட்டில் உங்கள் செல்லை வரையுங்கள். வண்ணப் பென்சில் வேண்டாம், பெட்டியில் இருக்கிற ஊதாவுக்கும் லீஷ்மன் ஊதாவுக்கும் தொடர்பில்லை. நிறத்தைச் சொல்லால் எழுதி அம்புக்குறி போடுங்கள்.

ஸ்லைடு இன்னும் ஆய்வகப் பெட்டியில்தான் இருக்கிறது. அதே செல்லை மறுபடி பிடிக்க முடியுமா?

ஸ்லைடு இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? போய் மறுபடி பாருங்கள். சாயம் ஏற்றிய பூச்சு, எண்ணெயைத் துடைத்து வெளிச்சம் படாமல் வைத்திருந்தால் நெடுநாள் தாங்கும்.

அதே செல் கிடைக்காமல் போகலாம். கிடைக்க வேண்டுமென்றால், நுண்ணோக்கி மேடையின் இரு ஓரங்களிலும் உள்ள வெர்னியர் அளவுகளை முதல்முறையே குறித்திருக்க வேண்டும், 42.3, 17.6 என்பதுபோல இரண்டு எண்கள். அதே நுண்ணோக்கியில், ஸ்லைடை அதே பக்கம் திருப்பி வைத்தால் மட்டுமே அவை பயன்படும். பெயர்ச்சீட்டு எப்போதும் இடப்பக்கம் என்று எங்கள் ஆய்வகத்தில் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். அப்படியும் யாராவது ஒருவர் வலப்பக்கம் வைத்துவிட்டு, செல் ஓடிப்போய்விட்டது என்று வந்து நிற்பார்.

எண்கள் குறிக்கவில்லை என்றால் அந்த ஒரு செல்லைத் தேடி மாலையை வீணாக்காதீர்கள். நடுப்பகுதியை விட்டுவிட்டுப் பூச்சின் இரு விளிம்புகளிலும் வால்முனையை ஒட்டியும் தேடுங்கள். பூச்சை இழுக்கும்போது பெரிய வெள்ளையணுக்கள் அங்கேதான் ஒதுங்கும். 40 மடங்கில் மேய்ந்து, செம்மஞ்சளாக ஏதாவது கண்ணில் பட்டால் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு எண்ணெய் விட்டு 100 மடங்குக்குப் போங்கள். வேறொரு ஈசினோஃபில் கிடைத்தால் போதும். இந்த முறை இரண்டு எண்களையும் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போட்டோ எடுங்கள்.